வேலையா, படிப்பா

ருமானா தன் ரெஸ்யூமேயில் 'வேலை அனுபவம்' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தாள். யாரும் அவள் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. முப்பத்திரண்டு வயதுப் பெண், நான்கரை ஆண்டு கிள்ளான் ஆற்றுத் தண்ணீரை அள்ளி அள்ளிச் சோதித்து முனைவர் பட்டம் வாங்கியவள், தானாகவே உட்கார்ந்து அப்படி எழுதினாள். இந்த மாதிரி அசட்டுத்தனத்துக்கெல்லாம் நிறையப் படித்திருக்க வேண்டும்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. கிள்ளானில் அவர்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் உம்மா காத்தூன் பீவி, "எம்மவ இன்னும் படிக்கிது" என்றுதான் சொல்வார். அதில் பாதி பெருமை, பாதி வெட்கம். காலை ஏழு மணிக்குக் கிளம்பி இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவளை, மாதாமாதம் உதவித்தொகை வாங்கி வீட்டுக்கு அரிசி வாங்கிப் போடுகிறவளை, தெரு முழுக்க 'ஸ்டூடண்ட்' என்றுதான் சொன்னது. கேட்டுக் கேட்டு அவளும் நம்பிவிட்டாள்.

வாய்மொழித் தேர்வான வைவா முடிந்து ஐந்து மாதம். உதவித்தொகை நின்று ஏழு மாதம். இருபத்து மூன்று இடத்துக்கு விண்ணப்பம் போட்டாள். சில இடங்களில் புதிதாகப் படிப்பு முடித்தவர்களுக்கான வேலைக்கு வயது அதிகம் என்றார்கள். சில இடங்களில் மூத்த வேதியியலாளர் வேலைக்கு அனுபவம் குறைவு என்றார்கள். பெரும்பாலான இடங்களில் ஒன்றுமே சொல்லவில்லை. கடைசியில் தோழி ஒருத்தி ஷாமினியின் எண்ணைக் கொடுத்தாள்.

ஷாமினிக்கு ஆய்வகங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் ஆள் பிடித்துக் கொடுக்கிற தொழில். பிரிக்பீல்ட்ஸில் ஒரு சேலைக் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் அலுவலகம். கீழே கடைக்காரர் ஒலிபெருக்கியில் பழைய பாட்டு போட்டுக்கொண்டே இருப்பார். மேலே இந்த அம்மாள் தொலைபேசியில் கத்திக்கொண்டே இருப்பார். நாற்பது வயதிருக்கும். ருமானாவின் ரெஸ்யூமேயை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"அனுபவம் இல்லையா? அப்ப நாலரை வருஷம் என்ன பண்ணீங்க? தூங்குனீங்களா?"

"பிஎச்டி பண்ணேங்க்கா."

"அது பட்டம் லா. நான் கேக்கறது வேலைய. காலைல போனா என்ன செய்வீங்க? மெஷின் என்ன? எத்தன சேம்பிள்? ரிப்பேர் ஆனா யார பாப்பாங்க?"

ருமானா சொல்ல ஆரம்பித்தாள். சொல்லச் சொல்ல ஷாமினி எழுதிக்கொண்டே போனார். மாதம் ஒருமுறை, ஒன்பது இடத்தில், ஒவ்வொரு இடத்திலும் இரண்டு பாட்டில். பதினெட்டு வகைப் பூச்சிக்கொல்லி மருந்துகளின் எச்சம். கருவி பழுதானால் முதலில் இவளையே கூப்பிடுவார்கள். இளங்கலை மாணவிகள் இரண்டு பேருக்குப் பயிற்சி. வேதிப்பொருள் வாங்குவது, காலாவதி பார்ப்பது, வேலை செய்முறைகளை எழுதி வைப்பது, எல்லாம்.

"இது வேலை இல்லாம வேற என்ன?" என்றார் ஷாமினி. "ஷா ஆலம்ல எனக்கு ஒரு கிளையன்ட் இருக்காங்க. தண்ணி டெஸ்ட் பண்ற லேப். சீனியர் கெமிஸ்ட் வேணும், வெளிவேலைக்கும் போகணும். அவங்க ரெஸ்யூமே நெறைய பாத்துட்டாங்க. எனக்கு ஒரு பக்கம் நோட் எழுதிக் குடுங்க. அதை நான் முன்னால வெச்சு அனுப்பறேன். திசிஸ் தலைப்பு வேணாம், கட்டுரை லிஸ்ட் வேணாம். என்ன பிரச்சினை, என்ன செஞ்சீங்க, எத்தன, தப்பு வந்தா எப்படிப் புடிச்சீங்க. எம்ப்ளாயீன்னு போடாதீங்க, அது பொய். டாக்டரல் ரிசர்ச்சர், முழு நேரம். அது உண்மை. ஸ்டூடண்ட்ங்கற வார்த்தை மட்டும் கண்ணுல படக் கூடாது."

இரண்டு நாளில் ருமானா அனுப்பினாள். ஷாமினி உடனே கூப்பிட்டார்.

"எல்லாம் சரி. ஆனா 'நாங்கள் கண்டுபிடித்தோம், நாங்கள் மாற்றினோம்'. யாரு இந்த நாங்கள்? கிளையன்ட் நாலு பேரையா வேலைக்கு எடுக்கப் போறாங்க?"

ஆய்வுக் கட்டுரை எழுதுகிறவர்களின் பழக்கம் அது. ஒற்றை ஆளாக உட்கார்ந்து செய்ததைக்கூட 'நாங்கள்' என்று எழுதுவார்கள். இல்லையென்றால் 'மாதிரிகள் சேகரிக்கப்பட்டன' என்று, பாட்டில்களே எழுந்து ஆற்றுக்கு நடந்து போனது போல எழுதுவார்கள். ஷாமினி அதைப் பலரிடம் பார்த்திருக்கிறார். 'நாங்கள்' எல்லாவற்றையும் 'நான்' ஆக்கி அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ருமானாவுக்கு அது வெறும் பழக்கமாக இருந்தால் கவலையே இல்லை. அவளுடைய 'நாங்கள்' இரண்டு பேர். ஒருத்தி அவள். இன்னொருவன் திமோத்தி.

திமோத்தி அதே ஆய்வகத்தில் அவளுக்கு ஓராண்டு மூத்தவன். பிரிக்பீல்ட்ஸ் பையன். ரயில்வேயில் முப்பத்து நான்கு ஆண்டு வேலை பார்த்த ஸ்டானிஸ்லாஸின் ஒரே மகன். உயரமானவன், வாயாடி. வேலை செய்தால் ஒழுங்காகச் செய்வான். 2023 நவம்பரில், முப்பத்தோரு வயதில் செத்துப்போனான்.

கிள்ளான் வீட்டில், மத்தியானம், உம்மா கடைக்குப் போயிருந்த நேரத்தில், சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்து ருமானா ஒவ்வொரு 'நாங்களை'யும் தேடிப் பிடித்து மாற்றினாள். முதல் மூன்று எளிதாக மாறின. அளக்கும் முறையை நான் அமைத்தேன். சரி, அது அவள் செய்ததுதான். தெரிந்த அளவு மருந்தைச் சுத்தமான தண்ணீரில் கலந்து, அதில் எழுபதிலிருந்து நூற்றிருபது விழுக்காட்டுக்குள் திரும்பக் கிடைக்கிறது என்று நிரூபித்தேன்; அதுவும் சரி. நான்காவதில் அவள் விரல் நின்றது. 'சில மருந்துகளின் அளவு குறைவாகக் காட்டியதற்குக் காரணம் பிளாஸ்டிக் பாட்டில் என்று நான் கண்டுபிடித்து, பழுப்புக் கண்ணாடிப் பாட்டிலுக்கு மாற்றினேன்.'

கண்டுபிடித்தது திமோத்தி. மருந்து பிளாஸ்டிக்கின் உள்சுவரில் ஒட்டிக்கொள்கிறது என்று மூன்று வாரம் எல்லோரிடமும் சொன்னான். யாரும் கேட்கவில்லை. அவனே ஒரு சனிக்கிழமை வந்து சோதித்துக் காட்டினான். ருமானா 'நான்' என்று தட்டியதும் எங்கோ கண்ணாடிப் பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. ஐஸ் பெட்டியைத் தூக்கும்போது பாட்டில்கள் போடுகிற சத்தம். எழுந்து சமையலறையில் போய்ப் பார்த்தாள். ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் கழுவியிருக்கலாம். இரண்டு ஆண்டாக இதே கதைதான். அந்தச் சத்தத்துக்காகவே வீட்டில் கண்ணாடித் தம்ளர்களை எல்லாம் எடுத்து மேல் தட்டில் வைத்துவிட்டாள். உம்மா காரணம் கேட்டதற்கு உடைந்துவிடும் என்றாள்.

பொய்யை அப்படியே விட்டு அனுப்பிவிட்டாள். அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஐந்து மாதம் சும்மா இருந்தவளுக்குச் சொரணை மங்கித்தான் போகும்.

மறுநாள் ஷாமினியிடம் போனாள். ஷாமினி எல்லாவற்றையும் அழகாகத் திருத்தி, அச்செடுத்து வைத்திருந்தார். மூன்று மணிக்குள் கிளையன்ட்டுக்குப் போக வேண்டும், ஒருமுறை படித்து ஓகே சொல்லுங்கள் என்றார். மணி அப்போது ஒன்றேகால். ருமானா படித்தாள். கடைசிப் பத்தியில் ஷாமினி தாமாகவே ஒரு வரி சேர்த்திருந்தார். 'இருபத்தேழு மாதம் வெளிவேலைகளைத் திட்டமிட்டு நடத்தினேன். ஒரு மாதமும் தவறவில்லை. ஒரு விபத்தும் இல்லை.'

"இது நான் எழுதலையேக்கா."

"நான்தான் போட்டேன். வெளிவேலைக்குப் போற லேப்புக்கு இதான் மொத கேள்வி. உங்க லிஸ்ட்ல விபத்து எதுவும் இல்லல்ல, அதான். ஏன், தப்பா?"

இருபத்தேழு மாதம் என்பது சரி. ஒரு மாதமும் தவறவில்லை என்பது பொய். அவளுடைய ஆய்வேட்டின் பெரிய அட்டவணையில் 2023 நவம்பருக்கு நேரே ஒன்பது இடத்துக்கும் ஒன்பது கோடு இருக்கும். கீழே சின்ன எழுத்தில் 'மாதிரி எடுக்கப்படவில்லை'. நானூற்று எண்பத்தாறு பாட்டில் இருந்திருக்க வேண்டும், இருந்தது நானூற்று அறுபத்தெட்டு. வைவாவில் தேர்வாளர் அதைத் தொட்டுக் கேட்டார். ஏற்பாட்டில் ஒரு சிக்கல் என்று பதில் சொன்னாள். அவரும் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். ஒரு மனிதன் செத்ததற்கு அவ்வளவுதான் கேள்வி.

"தண்ணி குடிச்சிட்டு வரேங்க்கா" என்று காகிதத்தோடு கீழே இறங்கி, சேலைக் கடைக்குப் பக்கத்துக் காப்பிக் கடையில் போய் உட்கார்ந்தாள்.

அவன் செத்த அன்று நடந்தது இதுதான். தண்ணீர் எடுக்கும் முறைப் பட்டியலைப் போடுகிறவள் ருமானா. அந்த மாதம் அவள் முறை. கடல் வற்றி ஆறு தாழ்ந்திருக்கும் நேரத்தில்தான் எடுக்க வேண்டும்; அன்று அது காலை ஏழு மணி. அவள் கிள்ளான்காரி, வீட்டிலிருந்து பத்து நிமிடம். ஆனால் அளக்கும் கருவி அன்று காலை எட்டு மணிக்கு அவளுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. விட்டால் இன்னும் மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். முதல் நாள் திமோத்திக்குச் செய்தி அனுப்பினாள், 'திம், எனக்குப் பதிலா போறியா?' அவன், 'போறேன் லா, பசியாற நாசி லெமாக் வாங்கித் தா' என்று பதில் போட்டான். ஆய்வக வண்டிக்கு மூன்று நாள் முன்பே விண்ணப்பப் பாரம் எழுதிக் கொடுக்க வேண்டும். அதனால் தன் மோட்டார் சைக்கிளில் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிளம்பினான். ஃபெடரல் ஹைவேயில், மழை ஈரத்தில், பின்னால் வந்த லோரி. பெட்டியில் இருந்த பதினெட்டுக் காலிப் பாட்டில்களும் ரோட்டில் உடைந்து கிடந்தன என்று போலீஸ்காரர் சொன்னார். அதற்குப் பிறகு ருமானா அந்த ரோட்டில் போனதே இல்லை. எங்கே போனாலும் கொமுட்டர் ரயில்தான்.

இதோடு முடிந்திருந்தால் அது துக்கம். முடியவில்லை. அந்த வாரமே துறை அலுவலகத்தில் ஒரு பாரத்தை நீட்டினார்கள். பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் இரண்டு கட்டம். ஒன்று, அதிகாரப்பூர்வ வேலை. இன்னொன்று, மாணவரின் சொந்தப் படிப்பு. அலுவலர் மெதுவாகச் சொன்னார், முதல் கட்டம் என்றால் வண்டிக்கான பாரம் எங்கே, ஆபத்து மதிப்பீட்டில் கையெழுத்து எங்கே என்று கேட்பார்கள், ஆய்வையே நிறுத்தி வைப்பார்கள், உங்கள் மேற்பார்வையாளர் டாக்டர் மாதவிக்கும் சிக்கல். டாக்டர் மாதவி பக்கத்திலேயே நின்றார். ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ருமானா இரண்டாவது கட்டத்தில் டிக் போட்டு, 'அவர் தம் சொந்தப் படிப்புக்காகத் தாமே போனார், யாரும் அனுப்பவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அடக்கத்தன்று, தேவாலய வாசலில், ஸ்டானிஸ்லாஸ் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். ரயில்வேக்காரருக்கு உலகத்தில் இரண்டே நிலை, டூட்டி, இல்லையென்றால் டூட்டி முடிந்தது. அவர் கேட்டது ஒரே கேள்வி.

"எம் பையன் டூட்டிலயாம்மா போனான்?"

"இல்ல அங்கிள். படிப்பு விஷயமா."

பின்னால் நின்ற சொந்தக்காரர் ஒருவர், முப்பத்தோரு வயது, இன்னும் ஸ்டூடண்ட், ஒரு நாள் வேலைக்குப் போனதில்லை என்று இன்னொருவரிடம் சொன்னது ஸ்டானிஸ்லாஸ் காதிலும் விழுந்தது, ருமானா காதிலும் விழுந்தது.

இப்போது காப்பிக் கடையில், கையில் இருந்த பக்கம் முதல் வரியிலேயே சொன்னது: 'நான்கரை ஆண்டு முழுநேரம் வேலை செய்தேன்.' வேலை. அவளுடையது வேலை என்றால் அவனுடையதும் வேலை. இந்தப் பக்கம் உண்மை என்றால் துறையில் இருக்கும் அந்தப் பாரம் பொய். அந்தப் பாரம் உண்மை என்றால் ரெஸ்யூமேயில் அவள் முதலில் எழுதிய 'இல்லை'தான் சரி. கடைக்காரர் தட்டில் தம்ளர்களை அடுக்கிக்கொண்டு போனார், அந்தச் சத்தம் வேறு.

பேனாவை எடுத்து, ஷாமினி சேர்த்த வரியை அடித்துவிட்டு, காகிதத்தின் பின்பக்கம் எழுதினாள்.

'2023 நவம்பரில் மாதிரி எடுக்கவில்லை. அன்று என் முறை. நான் கேட்டுக்கொண்டதால் என் சக ஆய்வாளர் திமோத்தி ஸ்டானிஸ்லாஸ் எனக்குப் பதிலாகப் போனார். ஆற்றுக்குப் போகும் வழியில் விபத்தில் இறந்தார். அப்போது அவர் டூட்டியில் இருந்தார். அதன் பிறகு வெளிவேலை விதிகளை நான் மாற்றி எழுதினேன். தனியாக யாரும் போவதில்லை. ஆய்வக வண்டி இல்லாமல் போவதில்லை. கிளம்பும் நாளுக்கு முந்திய மூன்று நாளில் ஆள் மாற்றம் இல்லை. மாற்ற வேண்டியிருந்தால் அந்த மாதம் விட்டுவிடுவோம். அடுத்த பதின்மூன்று மாதமும் அப்படியே நடந்தது. பாட்டில் கோளாற்றைக் கண்டுபிடித்ததும் அவரே, நான் இல்லை.'

படமெடுத்து ஷாமினிக்கு அனுப்பினாள். ஒரு நிமிடத்தில் போன் வந்தது. ஷாமினி முதல் முறையாகக் கத்தாமல் பேசினார்.

"எனக்குத் தெரியாது ருமானா. சாரி. என் வரிய எடுத்துடறேன். ஆனா இதையும் போட வேணாம். காலியா விடுங்க. காலியா விட்டா பொய் ஆகாது. யாராச்சும் கேட்டா அப்ப சொல்லிக்கலாம்."

நல்ல யோசனை. யாருக்கும் கெடுதல் இல்லாத யோசனை. இரண்டு ஆண்டாக ருமானா செய்துகொண்டிருந்ததும் அதேதான், காலியாக விடுவது.

"அவங்க அப்பா இங்கதான் இருக்காருக்கா. பேரு போடணும்னா அவர்கிட்ட கேக்கணும். கேட்டுட்டு சொல்றேன்."

"மணி ரெண்டு ஆவுது. மூணு மணி, ஞாபகம் இருக்கட்டும்."

ஸ்டானிஸ்லாஸின் ஃபிளாட் பத்து நிமிட நடை. அடக்கத்துக்குப் பிறகு ருமானா அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. மூன்றாம் மாடி ஏறும்போது இரண்டு முறை நின்றாள், திரும்பிப் போய்விடலாமா என்று. கதவு திறந்தே இருந்தது. இரும்புக் கம்பிக் கதவுக்குப் பின்னால் அவர் மேசையில் உட்கார்ந்து, மனைவி லூசியின் மாத்திரைகளைக் கிழமை வாரியாக ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். இவளைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். பூட்டைத் திறந்தார். உட்காரச் சொன்னார்.

"ஆன்டி?"

"உள்ள படுத்திருக்கா. தூக்கம் இல்ல, சும்மா படுத்திருப்பா. சொல்லும்மா."

காகிதத்தை நீட்டினாள். அவர் முன்பக்கம் முழுவதையும் படித்தார். ரயில்வேயில் ரிப்போர்ட் எழுதிப் படித்த ஆங்கிலம் அவருக்கு. விரலை வரிக்கு வரி நகர்த்திப் படித்தார். பிறகு பின்பக்கம் திருப்பினார். ஓர் இடத்தில் விரல் நின்றது. எந்த இடம் என்று ருமானாவுக்குப் பார்க்காமலே தெரிந்தது.

"டூட்டின்னு எழுதியிருக்கே."

"ஆமா அங்கிள்."

"அன்னிக்குக் கேட்டேனே."

"பயந்துட்டேன் அங்கிள். பாரத்துலயும் பொய்தான் எழுதினேன். நான்தான் அவனப் போகச் சொன்னேன். என் முறை அது."

அழுகை வந்தது. அவர் காகிதத்தை மேசையில் வைத்து, மடிப்பு விழுந்த மூலையை உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து நேராக்கினார்.

"இது யாருக்குப் போவுது?"

"வேலை வாங்கிக் குடுக்கறவங்களுக்கு. பேரு போடலாமான்னு உங்ககிட்ட..."

"உனக்கு வேலை வேணும்ங்கறப்ப இது வேலை" என்றார் ஸ்டானிஸ்லாஸ். குரலை உயர்த்தவே இல்லை. "எம் பையன் செத்தப்ப மட்டும் படிப்பு."

இரண்டு ஆண்டாகப் பாட்டில் சத்தத்துக்கே பயந்தவளுக்கு இந்தச் சொல் எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. செத்தவன் வந்து கேட்டிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. அவனாவது சிரித்திருப்பான்.

"பேரு போட்டுக்க" என்றார் அவர். "ஆனா இவங்களுக்கு அப்புறமா அனுப்பு. மொதல்ல அங்க எழுது. எங்க பொய் எழுதினியோ அங்க."

அங்கே எழுதினால் என்ன ஆகும் என்று ருமானாவுக்கு நன்றாகத் தெரியும். அவள் ரெஸ்யூமேயில் முதல் பரிந்துரையாளர் டாக்டர் மாதவி. ஷா ஆலம் ஆய்வகத்திலிருந்து முதல் போன் அவருக்குத்தான் போகும். பழைய பாரத்தை இப்போது கிளறினால் அவர் என்ன சொல்வாரோ, ஒரு வார்த்தையும் சொல்லாமலே இருந்துவிடுவாரோ. மணி இரண்டு நாற்பது. ஷாமினியிடமிருந்து ஒரு கேள்விக்குறி மட்டும் வந்திருந்தது.

ருமானா மடிக்கணினியைத் திறந்தாள். மாத்திரைப் பெட்டியை அவர் நகர்த்தி இடம் கொடுத்தார். துறை அலுவலகத்துக்கும் டாக்டர் மாதவிக்கும் சேர்த்து எழுதினாள். 2023 நவம்பரில் நான் கையெழுத்துப் போட்ட அறிக்கை தவறு. திமோத்தி ஸ்டானிஸ்லாஸ் சொந்த விஷயமாகப் போகவில்லை. ஆய்வுத் திட்டத்தின் பட்டியல்படி, என் முறைக்கு, என் வேண்டுகோளின்பேரில் போனார். அவருக்கு நான் அனுப்பிய செய்தியின் படம் இத்துடன் இருக்கிறது. அந்த அறிக்கையைத் திருத்தித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அவர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியையும் படித்தார். "அந்த வார்த்தைய விட்டுட்டே" என்றார். ருமானா பார்த்தாள். சேர்த்தாள்: 'அவர் டூட்டியில் இருந்தார்.' அனுப்பும் பொத்தானை அழுத்தியபோது மூன்று மணி ஆகி ஆறு நிமிடம். பிறகு காகிதத்தின் இரண்டு பக்கத்தையும் ஒன்றாகத் தட்டச்சு செய்து, 'நான்' வர வேண்டிய இடத்தில் 'நான்', அவன் பெயர் வர வேண்டிய இடத்தில் அவன் பெயர் என்று வைத்து, ஷாமினிக்கு அனுப்பினாள்.

ஷா ஆலம் வேலை அவளுக்குக் கிடைக்கவில்லை. கேட்பவர்கள் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள், அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நேரம் தவறியதாலா, அந்தப் பத்தியாலா என்று ஷாமினிக்கே தெரியவில்லை. டாக்டர் மாதவி அதற்குப் பிறகு ருமானாவின் போனை எடுக்கவில்லை. துறை அலுவலகம் கோப்பை மீண்டும் திறந்திருக்கிறது. ஏழு வாரம் கழித்து, துறைமுகப் பக்கம் இன்னோர் ஆய்வகத்தில், அதே பக்கத்தை மேசைமேல் வைத்து ஓர் அதிகாரி அவளிடம் பாட்டிலைப் பற்றி ஐந்து நிமிடமும் அந்தக் காலையைப் பற்றி முக்கால் மணி நேரமும் கேட்டார். இப்போது அங்கேதான் வேலை செய்கிறாள். வெளிவேலைப் பட்டியலும் அவள் கையில்தான். சத்தம் இன்னும் கேட்கிறது என்கிறாள். எழுந்து போய்ப் பார்ப்பதை மட்டும் விட்டுவிட்டாளாம்.

ஆனால் அந்த மத்தியானம், ஃபிளாட்டில், இதெல்லாம் யாருக்கும் தெரியாது. அனுப்பி முடித்த ருமானா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஸ்டானிஸ்லாஸ் காகிதத்தைக் கேட்டு வாங்கினார். எழுந்தார். படுக்கையறைக் கதவருகில் போய், சட்டைக் காலரை ஒருமுறை சரிசெய்துகொண்டு, கதவைத் தட்டினார்.

"லூசி, கொஞ்சம் வெளிய வா. நம்ம பையன் வேலைக்குத்தான் போய்க்கிட்டு இருந்தானாம்."